அந்தரும் மூடையும் ஒன்றா? தோட்டத்து இருப்புப் பதிவேட்டைச் சீர்செய்வது பற்றி

பசறை, லுணுகலை வழியாகப் பிபிலைக்கு இறங்கும் பாதையோரத் தோட்டங்கள் 1975இல் அரசுடைமையாயின. 1992இல் அவற்றின் நிர்வாகம் கம்பனிகளிடம் போனது. நிர்வாகம் மாறும்போது களஞ்சியத்தின் பதிவேடும் மாறும், எழுதுகிறவரும் மாறுவார். ஒருவர் ஆங்கிலத்தில் எழுதியதை அடுத்தவர் தமிழில் தொடர்வார், அவருக்குப் பின்னால் வந்தவர் சிங்களப் பெயரைத் தமிழ் எழுத்தில் எழுதியிருப்பார். 1970களில் நாடு மெட்ரிக் முறைக்கு மாறியும் ராத்தல், கலன், அந்தர், புசல் ஆகியவை பேச்சிலிருந்தும் பேரேட்டிலிருந்தும் போய்விடவில்லை.

இப்படிப்பட்ட புத்தகத்தை எக்செல்லில் ஏற்றச் சொல்லும்போது பலரும் செய்வது ஒன்றுதான்: வாசித்து, மனதிலேயே திருத்தி, திருத்தியதைத் தட்டச்சு செய்வது. தாள் பார்க்க அழகாக இருக்கும், கூட்டல் சரிவரும். ஆனாலும் இந்த முறை ஏற்கத்தக்கதல்ல.

முதலில் பெயர்களைப் பார்ப்போம். மம்பட்டி, மண்வெட்டி, உதெல்ல என்று மூன்று விதமாக எழுதியிருப்பது ஒரே சாமான். எழுத்துகளை ஒப்பிட்டு ஒத்த பெயர்களைச் சேர்க்கும் கருவி இந்த மூன்றையும் ஒன்றென்று காணாது. ‘2 அங்குல ஆணி’, ‘3 அங்குல ஆணி’ இரண்டுக்கும் ஓர் எழுத்துதான் வித்தியாசம் என்பதால், அவற்றைச் சேர்க்கலாமா என்று கேட்கும். ஆகவே பெயர்ப் பட்டியலைக் களஞ்சியத்தில் வேலை செய்தவரோடு உட்கார்ந்துதான் தயாரிக்க வேண்டும்.

அவராலும் சொல்ல முடியாத பதிவுகள் இருக்கும். ‘சல்பேட்’ என்று மட்டும் எழுதியிருந்தால் அது அமோனியம் சல்பேட்டாகவும் இருக்கலாம், இலைக்குத் தெளிக்கும் சிங்க் சல்பேட்டாகவும் இருக்கலாம். மூடைக்கணக்கில் வந்திருந்தால் முன்னது, சில கிலோ மட்டும் வந்திருந்தால் பின்னது என்று ஊகிக்கலாம். ஆனால் அது ஊகம்தான். திருத்திய பெயர் மட்டும் தாளில் இருந்தால், எது பதிவு, எது ஊகம் என்று அடுத்த வருடம் யாருக்கும் தெரியாது.

பெயரில் பிழை விட்டால் பட்டியல்தான் குழம்பும். அளவில் பிழை விட்டால் ஒரு மனிதரின் பெயர் கெடும். உதாரணத்துக்கு யூரியாப் பக்கம் ஒன்றை வைத்துக்கொள்வோம். வரவு 40 அந்தர். செலவு முதலில் 12 மூடை, பிறகு 560 கிலோ, பிறகு 9 அந்தர். மூடை 50 கிலோ என்பதில் சந்தேகமில்லை, சாக்கிலேயே அச்சிட்டிருக்கும். அந்தர் எத்தனை கிலோ? பழைய அளவைப்படி 112 ராத்தல், அதாவது 50.8 கிலோ. அதை வைத்துக் கணக்கிட்டால் வரவு 2,032 கிலோ, செலவு 1,617.2 கிலோ, மிச்சம் 414.8 கிலோ. களஞ்சியத்தில் எண்ணிப் பார்த்தால் வாய் தைத்த மூடை ஏழும், பிரித்த மூடை ஒன்றில் 40 கிலோவும் இருக்கின்றன. மொத்தம் 390 கிலோ. ஏறக்குறைய அரை மூடை குறைகிறது, அதற்குக் களஞ்சியக்காரர் பதில் சொல்ல வேண்டும்.

உண்மையில் எதுவும் குறையவில்லை. இன்று ஊவாவில் ‘ஒரு அந்தர் யூரியா’ என்றால் 50 கிலோ மூடை ஒன்றுதான். அந்தருக்கு 50 என்று போட்டால் வரவு 2,000, செலவு 1,610, மிச்சம் சரியாக 390. காணாமல் போன 24.8 கிலோ, 31 அந்தருக்குத் தலா 0.8 கிலோ வீதம் கணக்குப் போட்டவர் உண்டாக்கியது. குறைபாடு எப்போதும் அந்தர் எண்ணிக்கையின் மடங்காகவே வருகிறதென்றால் பிழை களஞ்சியத்தில் இல்லை, பெருக்கிய எண்ணில் இருக்கிறது. அதற்காக எல்லா அந்தரையும் 50 ஆக்கிவிடவும் கூடாது. மெட்ரிக்குக்கு முந்திய பக்கங்களில் 50.8தான் சரி. எந்தக் காலத்துக்கு எது என்பதை உரம் வந்த பட்டியலையும் சாக்கின் அச்சையும் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும்.

புசல் இன்னொரு பாடம். அது முகத்தலளவை என்பதால் ஒரு புசல் நெல் ஏறத்தாழ 21 கிலோவும், அதே புசலில் அரிசி ஏறத்தாழ 29 கிலோவும் நிற்கும். தேங்காயெண்ணெய்ப் போத்தல் 750 மில்லிலீட்டர் என்பதற்காகக் களைநாசினிப் போத்தலும் அவ்வளவு என்று கொள்ள முடியாது. எனவே மாற்றும் எண்ணை அளவின் பெயருக்கு மட்டும் கொடுத்தால் போதாது, சாமானையும் அளவையும் சேர்த்தே கொடுக்க வேண்டும். alavu என்ற தனித்தாளில் A பத்தியில் ‘சாமான்|அளவு’ என்று அந்த இணைகளையும் B பத்தியில் மாற்றும் எண்ணையும் எழுதிவைத்தால் சூத்திரம் எளிது:

```
=F2*VLOOKUP(H2&"|"&I2, alavu!A:B, 2, FALSE)
```

F எழுதியிருந்த எண், G எழுதியிருந்த அளவு, H தீர்மானித்த சாமான் பெயர், I தீர்மானித்த அளவு. அந்தர் போலக் காலத்தால் மாறும் அளவுக்கு, பழைய பக்கங்களில் I-யில் ‘அந்தர் பழையது’ என்று பிரித்து எழுதினால் போதும். பட்டியலில் இல்லாத இணை வந்தால் `#N/A` என்று காட்டும். பார்க்க நன்றாக இல்லை என்று `IFERROR` போட்டு அதைப் பூச்சியமாக்குகிறவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் முடிவெடுக்காத பதிவு கூட்டலுக்குள் சத்தமில்லாமல் மறைந்துவிடும்.

தட்டச்சிலேயே கெடுபவை இரண்டு. புத்தகத்தில் ‘மேற்படி’ என்று இருக்கும் இடங்களில் H பத்தியில் பெயரை முதலிலேயே நிரப்பிவிட வேண்டும். தாளை ஒருமுறை வரிசைமாற்றினால் எந்த மேற்படி எதற்கு மேற்படி என்று தெரியாமல் போகும். அடுத்தது பின்னம். அரை என்பதற்கு `1/2` என்று தட்டினால் எக்செல் அதைத் திகதியாக்கிவிடும். `0.5` என்றே எழுத வேண்டும்.

இனி எந்த வழி நல்லது? பழைய புத்தகத்தை மூடிவிட்டு, ஒரு நாள் எல்லாவற்றையும் எண்ணி, அந்த இருப்போடு புதிதாகத் தொடங்கலாம் என்பார்கள். நாளை முதல் இருப்பைக் கட்டுப்படுத்த அது போதும், செலவும் குறைவு. ஆனால் எந்த மலைக்கு எந்த மாதம் எவ்வளவு உரம் போனது என்பது அந்தப் பழைய பக்கங்களில்தான் இருக்கிறது. 2021 மே மாதத்தில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது கையிலிருந்த ஒவ்வொரு மூடையையும் எங்கே போடுவது என்று முடிவெடுக்க வேண்டியிருந்தது. அந்த வரலாறு தேவைப்படுவது அப்படிப்பட்ட நேரத்தில்தான். அதற்காக முப்பது வருடப் பக்கங்களையும் ஏற்றச் சொல்வதும் வீண் வேலை. பெரும்பாலான சாமான்களுக்கு அந்தப் பழைய வரவுசெலவு எந்த முடிவுக்கும் உதவாது.

என் முடிவு இது. எண்ணித் தொடங்குவதை எல்லாச் சாமானுக்கும் செய்யுங்கள். பதிவேட்டை மாற்றுவதை உரம், களைநாசினி, எரிபொருள் மூன்றுக்கு மட்டும், அதுவும் ஒரு கவ்வாத்துச் சுற்றுக்குரிய வருடங்களுக்கு மட்டும் செய்யுங்கள். பக்க எண், எழுதியிருந்த பெயர், எழுதியிருந்த எண், எழுதியிருந்த அளவு ஆகிய நான்கு பத்திகளையும் தொடாமல் வைத்து, திருத்தியவற்றைப் பக்கத்துப் பத்திகளில் எழுதுங்கள். ஊகித்த வரிக்கு அடையாளமிடுங்கள். எண்ணியதும் கணக்கும் ஒத்துவராவிட்டால் வித்தியாசத்தைத் தனி வரியாகக் காட்டுங்கள். மூலப்பத்தி இல்லாத தாளை வைத்துக்கொண்டு எந்தக் களஞ்சியக்காரரிடமும் விளக்கம் கேட்க எவருக்கும் உரிமையில்லை.