வகுப்பறைச் சந்தையில் விலை எங்கிருந்து வருகிறது?

தேவைக் கோடும் அளிப்புக் கோடும் வெட்டிக்கொள்ளும் இடம் சமநிலை விலை என்று பதினோராம் வகுப்பு மாணவர்கள் தயங்காமல் எழுதிவிடுவார்கள். அந்த விலையை வைத்தது யார் என்று கேட்டால்தான் குழப்பம் தொடங்கும். சிலர் அரசாங்கம் என்பார்கள், சிலர் வியாபாரி என்பார்கள். விலையை யாரும் ‘வைக்காமலே’ அது உருவாக முடியும் என்பதைப் படம் காட்டுவதில்லை. இந்தக் குறையைப் போக்கத்தான் மாணவர்களையே வாங்குவோராகவும் விற்போராகவும் ஆக்கும் சந்தை விளையாட்டு வகுப்பறைக்கு வந்தது.

அதைத் தொடங்கியவரின் நோக்கம் வேறு. ஹார்வர்டில் எட்வர்ட் சேம்பர்லின் இந்த விளையாட்டை நடத்தியது, பாடநூல் சொல்லும் விலைக்குச் சந்தை வந்து சேராது என்று காட்டுவதற்காக. 1948இல் அவர் வெளியிட்ட முடிவுகளில், 46 முறை நடத்தியதில் 42 முறை சமநிலை அளவைவிட அதிகமான வியாபாரம் நடந்திருந்தது. அங்கே மாணவராக இருந்த வெர்னன் ஸ்மித் பிற்பாடு பர்டூ பல்கலைக்கழகத்தில் அதே விளையாட்டில் இரண்டு விஷயங்களை மாற்றினார்: தனித்தனியாகப் பேரம் பேசுவதற்குப் பதில் எல்லோர் காதிலும் விழும்படி விலை கூறச் செய்தார், விலை எழுதிய அதே சீட்டுகளோடு பல சுற்றுகள் நடத்தினார். விலை சமநிலையை நோக்கி விரைவாக நெருங்கியது. 2002இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசின் வேர் இங்கேதான்.

இந்த இரண்டு விதிகளும் செய்யும் வேலையை ஒரு கணக்கோடு பார்ப்போம். எட்டு பேர் வாங்குவோர், எட்டு பேர் விற்போர், ஆளுக்கு ஒரு பொருள்தான். வாங்குவோர் சீட்டில் அவர் தரக்கூடிய உச்ச விலை இருக்கும்: 46, 42, 38, 34, 30, 26, 22, 18 ரூபாய். விற்போர் சீட்டில் அடக்க விலை: 10, 14, 18, 22, 26, 30, 34, 38. சீட்டை யாருக்கும் காட்டக் கூடாது. உச்ச விலைக்கு மேல் வாங்கவும் கூடாது, அடக்க விலைக்குக் கீழே விற்கவும் கூடாது. உயர்ந்த உச்ச விலையையும் குறைந்த அடக்க விலையையும் வரிசையாக ஜோடி சேர்த்தால் ஐந்து வியாபாரம் நடக்கும், விலை 26க்கும் 30க்கும் இடையில் நிற்கும். ஐந்து ஜோடிகளின் ஆதாயத்தையும் கூட்டினால் சரியாக 100 ரூபாய். நுகர்வோர் உபரி, உற்பத்தியாளர் உபரி என்று பாடத்தில் வருவது இந்தத் தொகைதான்.

இப்போது மாணவர்களை அறை முழுக்க அலையவிட்டு, ஓரத்தில் நின்று ரகசியமாகப் பேரம் பேசச் சொல்லுங்கள். நம் மாட்டுச் சந்தைகளில் துண்டுக்கு அடியில் விரல் பிடித்து விலை பேசுவார்களே, அந்த மாதிரி. ஒருவர் பேசிய விலை அடுத்தவருக்குத் தெரியாது. மிக மோசமான நிலையில், 46 வைத்திருப்பவர் 38 அடக்கம் உள்ளவரிடம் 42க்கு வாங்கிவிடுவார். 42 வைத்திருப்பவர் 34 அடக்கத்தாரிடம் போவார். இப்படியே 18 வைத்திருப்பவர் 10 அடக்கத்தாரிடம் வாங்குவதுவரை எட்டு ஜோடியும் அமைந்துவிடும். ஒவ்வொரு ஜோடிக்கும் ஆதாயம் எட்டு ரூபாய், மொத்தம் 64. எல்லோருக்கும் போணி ஆகிவிட்டது, எல்லோரும் சிரிக்கிறார்கள், ஆனால் 36 ரூபாய் காணாமல் போயிருக்கிறது. நிஜ வகுப்பில் இவ்வளவு கச்சிதமாகக் கெடாது. முதல் சுற்றில் ஆறோ ஏழோ வியாபாரம் நடந்தாலே இதன் சாயல் தெரியும்.

இந்த விளையாட்டிலேயே மிக வளமான தருணம் இதுதான் என்பேன். பெரும்பாலும் வீணடிக்கப்படுவதும் இதுவே. பாடநூல் விலை வரவில்லையே என்ற பதற்றத்தில் ஆசிரியர் முதல் சுற்றை ‘ஒத்திகை’ என்று தள்ளிவிட்டு, எல்லோர் காதிலும் விழும்படி விலை கூறும் மூன்றாம் சுற்றில் 28 ரூபாய் வந்ததும் “பார்த்தீர்களா?” என்கிறார். அதற்கு விளையாட்டே தேவையில்லை, கரும்பலகை போதும். ஒவ்வொரு வியாபாரத்துக்கும் விலை, உச்ச விலை, அடக்க விலை மூன்றையும் ஒரு தாளில் எழுதி வாங்கியிருந்தால், முதல் சுற்று முடிந்ததும் கேட்க வேண்டியது இதுதான்: அதிக வியாபாரம் நடந்த சுற்றில் மொத்த ஆதாயம் ஏன் குறைந்தது? 38 ரூபாய் அடக்கத்தில் ஒரு பொருளைச் செய்ததும், 18 ரூபாய்க்கு மேல் மதிக்காத ஒருவர் கைக்கு இன்னொரு பொருள் போனதும்தான் காரணம் என்பதை மாணவர்கள் அந்தத் தாள்களைக் கொண்டே கண்டுபிடிப்பார்கள். அதே தாள் இன்னொன்றையும் காட்டிக்கொடுக்கும். அடக்கத்துக்குக் கீழே விற்ற வரி ஒன்று இருந்தால், விதி புரியவில்லை அல்லது நண்பனுக்காக விட்டுக்கொடுத்திருக்கிறார் என்று அர்த்தம். அந்தச் சுற்றை வைத்து எந்த முடிவுக்கும் வரக் கூடாது.

கோடு வரைவதையும் கேள்வியாகவே செய்யலாம். 34 ரூபாய் என்றால் யார் வாங்குவீர்கள், எழுந்து நில்லுங்கள் என்றால் நான்கு பேர் நிற்பார்கள். விற்கத் தயாராக ஏழு பேர். 22 என்றால் எண்ணிக்கை அப்படியே தலைகீழாகும். 28இல் ஐந்துக்கு ஐந்து. இந்த எண்களைப் புள்ளியாக வைத்து வரைந்தால் கோடு தங்கள் வகுப்பிலிருந்தே வந்தது என்று அவர்களுக்குப் புரியும்.

விளையாட்டு தன் தகுதியை மறுக்க முடியாதபடி நிரூபிப்பது வரிச் சுற்றில். விற்கும் ஒவ்வொரு பொருளுக்கும் எட்டு ரூபாய் வரி என்று அறிவித்து, விலை எவ்வளவு ஏறும் என்று முன்கூட்டியே எழுதச் சொன்னால் பலரும் எட்டு என்றே எழுதுவார்கள். வரியை வியாபாரி நம் தலையில் கட்டிவிடுவான் என்பது வீட்டிலேயே கேட்ட பாடம். ஆடிப் பார்த்தால் வியாபாரம் நான்காகக் குறையும், விலை 30க்கும் 34க்கும் இடையில் நிற்கும். ஏறியது சுமார் நான்கு ரூபாய்தான். மீதி நான்கு எங்கே என்ற கேள்விக்கு விற்றவர்களே தங்கள் ஆதாயத்தைப் பார்த்துப் பதில் சொல்வார்கள். பாதிக்குப் பாதி என்பது இந்தச் சீட்டுகளின் அமைப்பால் வந்தது, பொது விதி அல்ல. இதைச் சொல்லாமல் விட்டால் ஒரு தவறான பாடத்தை எடுத்துவிட்டு வேறொன்றை வைத்ததாகிவிடும்.

இந்த விளையாட்டின் குறைகளில் முதலாவது நேரம். நாற்பத்தைந்து நிமிடப் பாடவேளையில் சீட்டு கொடுத்து, விதி விளக்கி, மூன்று சுற்று ஆடினால் மணி அடித்துவிடும். கலந்துரையாடல் மறுநாளுக்குப் போகும், அல்லது போகவே போகாது. இரண்டு பாடவேளை சேர்ந்து கிடைக்காவிட்டால் சுற்றுகளைக் குறைப்பதே மேல், கேள்விகளை அல்ல.

அடுத்தது இன்னும் ஆழமானது. விலை சமநிலைக்கு வந்ததும், மனிதர்கள் யோசித்து நடப்பதால் சந்தை சரியாக இயங்குகிறது என்ற முடிவுக்கு மாணவர்கள் தாவுவார்கள். 1993இல் தனஞ்ஜெய் கோடேயும் ஷியாம் சுந்தரும் மனிதர்களுக்குப் பதில், எந்த யோசனையும் இல்லாமல் கண்டபடி விலை கூறும் கணினி நிரல்களைப் பகிரங்க ஏலத்தில் இறக்கினார்கள். நட்டத்துக்கு வியாபாரம் செய்யக் கூடாது என்ற ஒரே கட்டுப்பாட்டோடு அந்த நிரல்களே கிட்டத்தட்ட முழு ஆதாயத்தையும் எடுத்துவிட்டன. ஆக, வகுப்பில் வென்றதில் பெரும்பங்கு மாணவர்களின் சாமர்த்தியத்துக்கு அல்ல, விதிக்கு.

மூன்றாவது, சீட்டிலேயே ஒளிந்திருக்கிறது. 46உம் 18உம் எங்கிருந்து வந்தன? ஆசிரியர் எழுதினார், அவ்வளவுதான். விலை எப்படி உருவாகிறது என்பதை இந்த விளையாட்டு காட்டுகிறது, தேவை எப்படி உருவாகிறது என்பதைக் காட்டுவதே இல்லை. 100 ரூபாய் ஆதாயத்தைக் கொண்டாடும் வகுப்பில், 18 ரூபாய்ச் சீட்டு வைத்திருந்து மூன்று சுற்றும் வெறுங்கையோடு திரும்பிய மாணவரிடம் கேட்க வேண்டும்: உனக்கு அந்தப் பொருள் அவ்வளவாக வேண்டாமா, அல்லது கையில் பணம் இல்லையா? சீட்டு இந்த இரண்டையும் ஒரே எண்ணாகத்தான் எழுதியிருக்கிறது. பொருள் சினிமா டிக்கெட்டாக இருந்தால் என்ன, மருந்தாக இருந்தால் என்ன என்று அடுத்த கேள்வியைப் போட்டால், மேலே காணாமல் போனதாகக் கணக்கிட்ட அந்த 36 ரூபாயைப் பற்றியே வகுப்பு இரண்டாகப் பிரிந்து வாதாடும்.