மாய யதார்த்தமும் மிகுபுனைவும்: 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' சிறுகதையை முன்வைத்து

'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' புதுமைப்பித்தன் 1943-ல் கலைமகள் இதழில் எழுதிய சிறுகதை. சென்னையில் பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடும் முனையில் கந்தசாமிப் பிள்ளை என்னும் சித்த வைத்தியப் பத்திரிகைக்காரரிடம் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். மாய யதார்த்தத்துக்குத் தமிழில் எடுத்துக்காட்டு தேடும் மாணவர் பலர் இக்கதையில்தான் தொடங்குகின்றனர். கடவுள் வருகிறார், ஆகவே இது மாய யதார்த்தம் என்று ஒரே வரியில் முடித்தும் விடுகின்றனர். அந்த வரி போதாது. விக்கிரமாதித்தன் கதையில் பிணத்துக்குள் இருந்து வேதாளம் பேசுகிறது. அதை யாரும் மாய யதார்த்தம் என்பதில்லை. ஒரு கதையில் மாயம் இருக்கிறதா என்பதைவிட, அந்த மாயத்தைக் கதைக்குள் இருப்பவர்கள் என்ன செய்கிறார்கள் என்பதே இவ்விரண்டையும் பிரித்தறிய உதவும் கேள்வி.

கதையில் மாயம் நடந்துகொள்ளும் விதம்

கதை கடவுளோடு தொடங்கவில்லை, சில்லறைக் கணக்கோடு தொடங்குகிறது. டிராமில் போனால் கையில் என்ன மிஞ்சும், பஸ்ஸில் கண்டக்டரை ஏமாற்றிக்கொண்டு பாதி தூரம் போய்விட முடிந்தால் அரைக் கப் காப்பிக்கு வழியுண்டா என்று பிள்ளை மனத்துக்குள் கூட்டிக் கழித்துக்கொண்டிருக்கிறார். கடவுள் வந்த பிறகும் இந்தக் கணக்கு நிற்பதில்லை. காப்பிக் கடையில் கடவுள் நூறு ரூபாய் நோட்டை நீட்ட, மூன்றணா பில்லுக்குச் சில்லறை தரும் சிக்கல் எழுகிறது. காப்பியின் சுவையைக் கடவுள் தன் லீலையாகக் கருதும்போது, அது சிக்கரிப் பொடியின் வேலை என்று பிள்ளை திருத்துகிறார்.

மாய யதார்த்தத்தின் முதல் அடையாளம் இங்கே தெரிகிறது. அசாதாரணமான ஒன்று வந்ததும் அன்றாடம் விலகி வழிவிடுவதில்லை. வந்தவர்தான் அன்றாடத்தின் விலைவாசிக்குள் நுழைய வேண்டியிருக்கிறது. பிள்ளையின் நிபந்தனையும் அதுவே. வரம் கொடுக்கும் வித்தையெல்லாம் கூடாது, மனிதரைப் போல நடந்துகொள்ள வேண்டும், அப்படியென்றால் வீட்டில் தங்கலாம். கடவுளும் கைலாசபுரத்துப் பரமசிவம் பிள்ளை என்ற பெயரில் உறவினரைப்போல அந்த வீட்டில் விருந்தாளியாகிறார். குழந்தை வள்ளிக்கு அவர் தாத்தா. அவள் எடுத்துக்கொள்ளும் உரிமைகளும் தாத்தாவிடம் எடுத்துக்கொள்பவையே.

வேதாளக் கதையோடு இதை ஒப்பிடலாம். அங்கே விதிகள் தெளிவானவை. பதில் தெரிந்தும் அரசன் மௌனம் காத்தால் தலை வெடித்துவிடும், வாய் திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரத்துக்குப் போய்விடும். வாசகர் இந்த விதிகளை ஏற்றுக்கொண்டு அவற்றுக்குள் ஆட்டத்தைப் பார்க்கிறார். மிகுபுனைவு தன் உலகத்துக்கென ஓர் இலக்கணத்தை இப்படித்தான் உருவாக்கிக்கொள்ளும். அந்த உலகில் உப்பு என்ன விலை என்று கேட்கத் தோன்றாது. கந்தசாமிப் பிள்ளையின் உலகுக்குத் தனி இலக்கணம் கிடையாது. அங்கே இருப்பது 1943-ன் சென்னை மட்டுமே.

புராணத்திலிருந்து விலகும் இடம்

கடவுள் மனித உருவில் வருவது தமிழ் வாசகருக்குப் புதிதல்ல. பிட்டுக்கு மண் சுமந்த கதையில் சிவன் கூலியாளாக வந்து மதுரையில் பிரம்படி படுகிறார். அடி எல்லோர் முதுகிலும் விழுகிறது, பாண்டியன் உணர்ந்துகொள்கிறான். புராணக் கதையின் உச்சம் இந்த அறிதல்தான். வந்தவர் யார் என்று உலகம் கண்டுகொண்டதும் கதை நிறைவடைகிறது.

புதுமைப்பித்தன் இதே சட்டகத்தை எடுத்துக்கொண்டு அந்த உச்சத்தை மட்டும் நீக்கிவிடுகிறார். பிழைப்புக்காகக் கடவுளும் தேவியும் திவான் பகதூர் பிரகதீசுவர சாஸ்திரி முன்னிலையில் ஆடிக் காட்டுகின்றனர். ஆடுபவர் சாட்சாத் பரமசிவனே. புலித்தோலும் பாம்பும் நிஜமானவை. சாஸ்திரியின் குறையும் அதுதான். பாம்பு போன்ற நகை அணிய வேண்டும், புலித்தோல் போன்ற பட்டு கட்ட வேண்டும், நிஜத்தைக் கொண்டுவருவது கலையாகாது என்கிறார். பார்வதி பரமேசுவரரே வந்து ஆடினாலும் சாஸ்திரத்துக்கு ஒத்துவராது என்று அவர்களிடமே சொல்கிறார். யாருக்கும் எதுவும் விளங்குவதில்லை. அடி யார் முதுகிலும் பரவுவதில்லை.

இந்தக் காட்சிதான் கதையில் அதிகம் பேசப்படுவது. ஆனால் மாய யதார்த்தம் சற்றுத் தளர்வதும் இங்கேதான். சாஸ்திரி ஒரு வகைமாதிரி. அவரைக் கேலி செய்வதற்காகவே காட்சி அமைக்கப்பட்டிருக்கிறது. கடவுளின் இருப்பு அங்கே அங்கதத்துக்குக் கருவியாகிவிடுகிறது. காப்பிக் கடையிலும் வீட்டுத் திண்ணையிலும் அவர் யாருக்கும் கருவியல்லர். இக்கதையை அங்கதக் கதை என்று வாசிப்பவர்கள் இக்காட்சியைச் சான்று காட்டினால் அதை மறுக்க இயலாது. கதை முழுவதையும் அந்தச் சொல்லுக்குள் அடக்கப் பார்த்தால்தான் வள்ளி வெளியே நிற்பாள்.

காஞ்சனை ஏன் இதில் சேராது

அதே ஆண்டில் வந்த 'காஞ்சனை'யையும் மாய யதார்த்தம் என்று எழுதிவிடுவது தேர்வுத் தாள்களில் எளிதில் நேரும் பிழை. அக்கதையின் எழுத்தாளர் தன் வீட்டில் வந்து தங்கிய பெண் மனுஷிதானா பேயா என்று இறுதிவரை தடுமாறுகிறார். வாசகரும் அவரோடு சேர்ந்து தடுமாறுகிறார். இந்தத் தடுமாற்றத்தையே ஸ்வெத்தான் டோடரோவ் 1970-ல் ஒரு தனி வகையின் அடிப்படையாகக் கொண்டார். 'காஞ்சனை'யில் தயக்கம்தான் கதை. அது தீர்ந்தால் கதை செத்துவிடும். கந்தசாமிப் பிள்ளைக்கோ வந்தவர் கடவுள்தானா என்பதல்ல பிரச்சினை. அவரை எங்கே படுக்க வைப்பது என்பதுதான்.

எண்ணூர்க் கரையில் ஒரு கற்பனைக் கதை

பிராட்வேயிலிருந்து வடக்கே கடலோரமாகப் போனால் ராயபுரம், திருவொற்றியூர் கடந்து எண்ணூரில் கொசஸ்தலை ஆற்றின் முகத்துவாரத்தை ஒட்டி நெட்டுக்குப்பம் என்ற மீனவர் ஊர் இருக்கிறது. 2023 டிசம்பர் வெள்ளத்தின்போது ஆற்றில் எண்ணெய் பரவி, படகுகளிலும் வலைகளிலும் படிந்தது. இந்த ஊரை வைத்து ஒரு மாணவர் கதை எழுதுகிறார் என்று கொள்வோம். கடலில் போன தாத்தா பல ஆண்டுகள் கழித்து முழங்கால்வரை எண்ணெய்க் கறையோடு திரும்பி வருகிறார்.

அவர் கடலடி அரசு ஒன்றிலிருந்து வந்தார், சூரியன் எழுமுன் திரும்பாவிட்டால் உப்பாகிவிடுவார் என்று எழுதினால் அது மிகுபுனைவு. அது நல்ல கதையாகவும் அமையலாம். வந்தது தாத்தாவா, பேத்தியின் பிரமையா என்று கடைசிவரை விட்டால் அது 'காஞ்சனை'யின் பாதை. பாட்டி அவரை உள்ளே விடாமல், கறையை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்துவிட்டு வரச் சொல்கிறாள், நிவாரணப் பட்டியலில் அவர் பெயரைச் சேர்க்க முடியுமா என்று மகன் விசாரிக்கிறான், இறந்தவராகப் பதிவானவருக்குத் தொகை கிடையாது என்று பதில் வருகிறது. இப்படிப் போனால் கதை பிள்ளையின் வீட்டுப் பக்கம் வந்துவிடுகிறது. தாத்தா எண்ணெய் மாசின் குறியீடு என்று கதைக்குள்ளேயே யாராவது விளக்கத் தொடங்கினால் அங்கேயே அது உடையும்.

பெயர் பற்றி

இச்சொல்லாட்சி 1925-ல் ஜெர்மானிய விமர்சகர் பிரான்ஸ் ரோ ஓவியத்தைப் பற்றி எழுதியபோது உருவானது. லத்தீன் அமெரிக்க நாவல்களோடு சேர்ந்து அது தமிழில் புழக்கத்துக்கு வந்தது புதுமைப்பித்தன் 1948-ல் மறைந்து பல பத்தாண்டுகளுக்குப் பிறகே. கார்சியா மார்க்கேஸின் புகழ்பெற்ற நாவல் வெளிவந்ததே 1967-ல்தான். ஆகவே இக்கதை அந்த இயக்கத்தைச் சேர்ந்தது என்று எழுதுவது பிழை. பின்னால் வந்த சொல் முன்னால் எழுதப்பட்ட கதைக்குப் பொருந்துகிறது என்று மட்டும் சொல்லலாம்.

அந்தப் பொருத்தம் உறுதிப்படும் இடம் முடிவு. மனிதரோடு சேர்ந்து வாழ முடியாது, எட்டி நின்று வரம் கொடுக்கத்தான் முடியும் என்று ஒப்புக்கொண்டு கடவுள் போய்விடுகிறார். பிள்ளை அழுவதுமில்லை, ஞானம் பெறுவதுமில்லை. தன் பத்திரிகையின் கணக்கில் கைலாசபுரம் பரமசிவம் பிள்ளையிடமிருந்து ஆயுள் சந்தா இருபத்தைந்து ரூபாய் வரவு என்று எழுதிக்கொள்கிறார். தாத்தா ஊருக்குப் போய்விட்டாரா என்று கேட்பவள் குழந்தை மட்டுமே.