வெட்டி எறிந்ததும் சேர்ந்து வரட்டும்

திரைப்படக் கல்லூரிக்கு விண்ணப்பிப்பவர் ஏன் சேர விரும்புகிறார் என்று ஒரு கட்டுரை எழுதித் தர வேண்டியிருக்கும். தான் வேலை பார்த்த ஒரே ஒரு குறும்படத்தை எடுத்துக்கொண்டு, அதன் வழியாகத் தன் படைப்பு முறையை விளக்குவது இதில் பலரும் கையாளும் வழி. நல்ல வழிதான். ஆனால் அதற்குள் சில ஓட்டைகள் இருக்கின்றன.

படத்தொகுப்புப் பிரிவுக்கு விண்ணப்பித்த ஒரு மாணவியின் கட்டுரையைத் திருத்த உதவினேன். அவர் எடிட் செய்தது ஒன்பது நிமிடக் குறும்படம். அதில் ஒரு சாப்பாட்டுக் காட்சி. கல்லூரியை விட்டு நின்றுவிட்டதை மகள் அப்பாவிடம் சொல்ல வேண்டும். முதலில் இருவரும் தெரியும்படி வைடு ஷாட், பிறகு தனித்தனி க்ளோசப் என்று ஒரே கேமராவில் எடுத்திருந்தார்கள்.

எடிட் மேசையில்தான் சிக்கல் தெரிந்தது. வைடு ஷாட்டில் அப்பா கவளத்தை விழுங்கிவிட்டு வசனம் பேசுகிறார். க்ளோசப்பில் கவளத்தைக் கையில் ஏந்தியபடி பேசுகிறார். ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு வெட்டினால் கை துள்ளுகிறது. இடையில் வைத்து மறைக்கலாம் என்றால் தட்டையோ சுவர்க்கடிகாரத்தையோ யாரும் தனியாக எடுத்து வைக்கவில்லை. வேறு வழியில்லாமல் மாணவி, மகளின் முகத்திலேயே நின்று, அப்பாவின் வசனங்களைக் குரலாக மட்டும் கேட்கவிட்டார். முதல் வடிவத்தில் பதினான்கு வெட்டுகள். கடைசியில் மிஞ்சியவை நான்கு.

அதோடு முடியவில்லை. அப்பாவின் குரல் நன்றாக வந்திருந்தது மின்விசிறி ஓடிய வைடு ஷாட்டில். மகளின் க்ளோசப்போ மின்விசிறியை நிறுத்திவிட்டு எடுத்தது. அதனால் அப்பா பேசும்போது மட்டும் காற்றின் இரைச்சல் எழுந்து, அவர் நிறுத்தியதும் அறுந்தது. மாணவி மறுபடி அந்த வீட்டுக்குப் போய் மின்விசிறிச் சத்தத்தை மட்டும் ஒரு நிமிடம் பதிவு செய்து வந்து, காட்சி முழுவதற்கும் அடியில் பரப்பினார். அப்போதுதான் துண்டுகள் ஒரே அறையாயின. காட்சியும் மாறியிருந்தது. அது அப்பா திட்டும் காட்சியாக இல்லாமல், மகள் கேட்டுக்கொண்டிருக்கும் காட்சியாகிவிட்டது.

ஒரு சிறு படத்தை முன்வைத்து எழுதுவதன் பலம் இதுதான். சினிமா மீதான ஆசையைப் பத்துப் பக்கம் எழுதினாலும், அந்தக் கவளமும் மின்விசிறியும் காட்டுவதைக் காட்ட முடியாது. படிப்பவருக்கு ஒரு சிக்கல், ஒரு முயற்சி, ஒரு முடிவு, அதன் விளைவு எல்லாம் தெரிகின்றன.

ஆனால் மாணவியின் கட்டுரையின் முதல் வரைவில் இவை எதுவுமே இல்லை. "மகளின் பார்வையிலேயே காட்சியைச் சொல்ல ஆரம்பத்திலேயே முடிவு செய்தேன்" என்று எழுதியிருந்தார். பொய் சொல்லும் எண்ணம் அவருக்கு இல்லை. முடிந்த படத்தை வைத்துக்கொண்டு பின்னோக்கிப் பார்த்தால், தற்செயலாக நடந்ததும் திட்டம் போலவே தெரியும். இந்த எழுத்துமுறையின் முதல் குறை இது. முறையை விளக்கச் சொன்னால் விளைவுக்கு நியாயம் கற்பிக்க வைக்கிறது. உண்மையைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்ற பயம் வேண்டாம். 1960இல் வெளியான கோதாரின் 'பிரெத்லெஸ்' படத்தின் புகழ்பெற்ற தாவல் வெட்டுகளே, படம் நீண்டுபோனதால் ஷாட்டுகளுக்குள் கத்தரித்ததில் வந்தவைதாம்.

இரண்டாவது குறை உரிமை பற்றியது. குறும்படம் ஐந்தாறு பேரின் உழைப்பு. கட்டுரையில் மட்டும் எல்லாம் 'நான்' ஆகிவிடுகிறது. மின்விசிறியை நிறுத்தச் சொன்னவர் ஒலிப்பதிவு செய்த நண்பர். அதை எழுதிய பிறகுதான், அதனால் எழுந்த சிக்கலைத் தீர்த்தது மாணவியின் வேலை என்பது துலங்கியது.

மூன்றாவது குறைக்கு விண்ணப்பிப்பவர் பொறுப்பல்ல. கட்டுரை எழுத்துத் திறமையை அளக்கிறது. காட்சியைக் கண்ணால் யோசிப்பவர், அதுவும் ஆங்கிலத்தில் எழுத வேண்டிவந்தால், பின்தங்கிவிடுவார். தேசிய நாடகப் பள்ளி இறுதித் தேர்வைச் சில நாள் பட்டறையாக நடத்துவதில் இந்தக் குறை பெரிதும் நீங்குகிறது. வேலை செய்யும்போதே ஆளைப் பார்க்க முடிகிறது.

ஆகவே இந்த முறையைக் கைவிட வேண்டியதில்லை. திரைப்படக் கல்லூரிகள் முடிந்த காட்சியோடு, கைவிட்ட முதல் வடிவத்தையும் கேட்டு வாங்கட்டும். இரண்டையும் அடுத்தடுத்துப் பார்த்தால், கட்டுரை மறைப்பதைப் படம் சொல்லிவிடும். விண்ணப்பிப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எழுதிய ஒவ்வொரு வரியையும் எடுத்து, வேறொரு படத்தைப் பற்றிய கட்டுரையில் வைத்துப் பாருங்கள். அங்கேயும் பொருந்தினால் அந்த வரியை அடித்துவிடுங்கள்.