கீழ்த்தட்டுப் புத்தகம்

தோழர் ஒருவர் வாசிக்கக் கொடுத்த, இன்னும் அச்சேறாத சிறுகதை ஒன்று ஒரு வாரமாக மண்டையைக் குடைகிறது. பேருந்து நிலையத்தை ஒட்டிய சின்னப் புத்தகக் கடை. ஊருக்குக் கடைசி வண்டி கிளம்பப் பத்து நிமிடம் இருக்கையில் ஒருவன் ஓடி வருகிறான். ‘அக்கா மக காலேஜ் சேந்திருக்கா, நல்லா ஓடுற புக்கா ஒண்ணு கட்டிக் குடுங்க’ என்கிறான். வாசலிலேயே ‘பொன்னியின் செல்வன்’ அடுக்கிக் கிடக்கிறது. கடைக்காரர் அதைத் தொடவில்லை.

தொடாமல் இருப்பது லேசான காரியமல்ல. கல்கியின் எழுத்துகள் 1999இல் நாட்டுடைமையாகிவிட்டன. யாரும் அச்சிடலாம், உரிமைத்தொகை கிடையாது. ஆளுக்கொரு பதிப்புப் போடுகிறார்கள். கடைக்காரருக்குக் கழிவைக் கூட்டிக் கொடுக்க அவர்களுக்குக் கட்டுப்படியாகிறது. ஐந்து பாகமும் ஒரே பில்லில் போகும். நூறு ரூபாய்ப் புத்தகம் ஒன்றை விற்றால் முப்பது ரூபாய் நின்றாலே பெரிசு. ராஜா கதையைத் தள்ளிவிடாதவர் அன்றைய கல்லாவைத் தள்ளிவிடுகிறார். கதையில் இந்தக் கணக்கு ஒரு வரிகூட இல்லை. கடை வாடகையும் இல்லை. அதனால் மறுப்பு வெறும் பெருந்தன்மையாக நின்றுபோகிறது.

கதை உயிர் பெறுவது அடுத்த இடத்தில். ‘புள்ள என்ன படிக்கும்?’ என்று கடைக்காரர் கேட்கிறார். வந்தவனுக்குச் சுருக்கென்கிறது. ‘ஏங்க, அதுக்குப் புரியாதுன்னு நெனைக்கிறீங்களா?’

இதை எழுதியவருக்கு அந்த வலி தெரியும். எம்.ஏ. படிக்கிறபோது ஒரு கடையில் நாவல் கேட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, ‘நோட்ஸெல்லாம் அந்தப் பக்கம்’ என்றார் கடைக்காரர். அவரும்தான் அதிகம் விற்கிற புத்தகத்தை என்மேல் திணிக்கவில்லை! திணிக்காதவரெல்லாம் நல்லவர் என்று இலக்கியவாதிகள் சொல்லிக்கொள்ளலாம். நமக்கு எது எட்டும் என்று முன்னாடியே முடிவுகட்டியவரும் திணிப்பதில்லை.

கதையின் கடைக்காரர் கூசிப்போகிறார். குனிந்து, தரையை ஒட்டிய தட்டிலிருந்து பாமாவின் ‘கருக்கு’வை உருவித் தூசி தட்டிக் கொடுக்கிறார். 1992இல் வந்த புத்தகம். அதை எடுக்க இன்னமும் குனிய வேண்டியிருக்கிறது. இந்தக் குனிதலுக்குக் கதாசிரியர் ஒரே வரிதான் தருகிறார். அதைத் தரையோடு வைத்தது யார்? வாசலில் மற்றதை அடுக்கியது யார்? ரெண்டும் இதே கைதானே. அவர் மறுப்பது தன் கை செய்த வேலையைத்தான். இதை எழுதியிருந்தால் கதை எங்கேயோ போயிருக்கும்.

முடிவு பொய். வந்தவன் வண்டியை விட்டுவிட்டு, பெஞ்சில் உட்கார்ந்து விடியும்வரை வாசிக்கிறானாம். விடிந்தால் வேலைக்குப் போகிறவன் எவனும் கடைசி வண்டியை விடமாட்டான். புத்தகத்தைச் சட்டைக்குள் செருகிக்கொண்டு ஓடியிருப்பான். மீதிச் சில்லறை கடைக்காரர் கையிலேயே இருந்திருக்கும்.