ஒரு மில்லிமீட்டர் தகட்டின் மேல் ஓர் அலுவலகம்

இரும்புக் கட்டடத் தளத்தின் அடியிலுள்ள மடிப்பு மடிப்பான டெக் தகடு ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் தடிமன்தான். ஈரக் கான்கிரீட்டை முதலில் சுமப்பது அதுதான். இரும்பு பீம்கள் மூன்று மீட்டர் இடைவெளியில் இருந்தால் பெரும்பாலும் முட்டுக் கொடுக்கவே வேண்டாம். இடைவெளி கூடினால் தகடு தொய்யும். தொய்வில் கான்கிரீட் தேங்கும். அந்தப் பாரம் இன்னும் தொய்ய வைக்கும். அப்போது முட்டு அவசியம். கான்கிரீட் போதிய வலுப் பெறுமுன் அதை எடுக்கக் கூடாது.

தகட்டை ஊடுருவிப் பீமோடு பற்றவைக்கும் 19 மி.மீ. ஸ்டட்கள்தான் பீமையும் தளத்தையும் ஒன்றையொன்று வழுக்கவிடாமல் பிடிக்கின்றன. பற்றவைப்பு சரியென்றால் சுத்தியல் தட்டுக்குக் கணீரென்று ஒலிக்கும். மந்தமாக ஒலிப்பதைச் சாய்த்துப் பார்ப்பார்கள். விரிசல் கண்டால் மாற்ற வேண்டும்.

தீயில்தான் இந்தத் தளத்தின் உண்மையான அருமை தெரிகிறது. 1990களின் நடுவில், இங்கிலாந்தின் கார்டிங்டனில் எட்டு மாடி இரும்புக் கட்டடம் ஒன்றை எழுப்பித் தீ வைத்துச் சோதித்தார்கள். காப்புப் பூச்சில்லாத பீம்கள் 1000 டிகிரி செல்சியஸைத் தாண்டியும் தளம் இடிந்து விழவில்லை. பீம்கள் வலுவிழந்தபின், கிண்ணம்போல் தொய்ந்த தளத்தின் பாரத்தை உள்ளிருந்த கம்பி வலை இழுவிசையால் தாங்கியது. அதற்காக எல்லாப் பீமையும் பூச்சின்றி விடலாகாது: தளத்தின் விளிம்பைத் தாங்கும் பீம்களும் தூண்களும் காக்கப்பட வேண்டும்.

தீயில் அப்படித் தொய்யும்போது, வலைத் துண்டுகள் சரியாக மேற்படியாத இடத்தில் தளம் பிளந்துவிடும். கான்கிரீட் ஊற்றுமுன் அந்த மேற்படிவை நேரில் பாருங்கள்.