அகல் ஏற்ற, இருள் அகல

கார்த்திகை தீபத்தன்று கைபேசியில் வந்து குவியும் வாழ்த்துகளை ஒரே விரல் தள்ளலில் கடந்துவிடுகிறோம். ஒன்றை மட்டும் நிறுத்திப் படித்துப் பார்ப்போம்: 'அகல் ஏற்ற இருள் அகலட்டும். சுடர் நின்று, இல்லமெங்கும் ஒளி பெருகட்டும். கார்த்திகை தீபத் திருநாள் வாழ்த்துகள்.'

முதல் வரியில் 'அகல்' இரண்டு முறை வருகிறது. முதலாவது, வாய் அகன்ற மண் விளக்கு. இரண்டாவது, விலகிப் போ என்னும் வினை. விளக்கின் பெயரே இருளுக்கு இடும் கட்டளையாகவும் ஒலிக்கிறது. 'விளக்கு ஏற்ற' என்று எழுதியிருந்தால் பொருள் குறையாது, இந்தச் சிலேடை போயிருக்கும்.

அடுத்து வினைகளைக் கவனியுங்கள். அடுப்பைப் பற்றவைக்கிறோம், பட்டாசைக் கொளுத்துகிறோம், விளக்கை மட்டும் ஏற்றுகிறோம். அணைக்கும்போதும் இந்த மரியாதை உண்டு. பூஜை விளக்கை 'அணை' என்று சொல்லத் தயங்கும் பெரியவர்கள் 'குளிர வை' என்பார்கள். தானாக அணைந்தால் 'மலையேறிவிட்டது' என்பார்கள். அதனால்தான் வாழ்த்தில் 'விளக்கு கொளுத்துவோம்' என்று வந்தால் காது சட்டென்று நெருடுகிறது.

சுடரும் ஒளியும் ஒன்றல்ல. சுடர் திரியின் நுனியில் நிற்பது, காற்றில் ஆடுவது. ஒளி அதிலிருந்து புறப்பட்டுப் பரவுவது. ஆகவே சுடர் 'நிற்க', ஒளி 'பெருக' என்று எழுதியவர் பார்த்து எழுதியிருக்கிறார். 'வெளிச்சம்' என்று போட்டிருந்தால்? அது மின்தடை முடிந்து பல்பு எரிந்ததும் நாம் சொல்லும் சொல். தவறில்லை, ஆனால் இங்கே சற்றுச் சப்பென்றிருக்கும்.

கடைசி வரியில் ஏன் 'தீபம்'? திருவண்ணாமலையில் மாலை ஆறு மணிக்கு மலையுச்சியில் நெய்யூற்றிய பெரிய கொப்பரையில், காடாத் துணித் திரியில் எரிவது மகாதீபம். அதை யாரும் மகாவிளக்கு என்பதில்லை. கடையில் பேரம் பேசி வாங்குவது விளக்கு, எரியும்போது கை கூப்புவது தீபம். பேச்சில் இரண்டும் கலந்துதான் வரும், என்றாலும் திருநாளின் பெயரில் இடம் பிடித்தது தீபமே. 'தீபத் திருநாள்' என்பதில் அந்த 'த்' விடுபடாதிருப்பது என் போன்றவர்களுக்குக் கூடுதல் மகிழ்ச்சி.

தீபாவளி வாழ்த்துகளில் 'தீப ஒளித் திருநாள்' என்று வரும். ஆவளி என்றால் வரிசை; தீபாவளி, தீபங்களின் வரிசை. 'வளி'யைத் தமிழ்க் காது 'ஒளி'யாக்கிக்கொண்டது. சொற்பிறப்புக்குப் பொருந்தாவிட்டாலும் கேட்க இனிமைதான்.

அனுப்புமுன் ஓர் எழுத்தை மட்டும் சரிபாருங்கள். 'ஒலி பெருகட்டும்' என்று போனால் வெடிச்சத்தம்தான் பெருகும். 'வாழ்வில் ஒழி வீசட்டும்' என்று போனாலோ, வாழ்த்தின் நடுவே 'ஒழி' என்ற வசவு உட்கார்ந்திருக்கும்.