ஜாடி உடைந்த கதை

என் சிறுகதை ஒன்று பிரசுரமானபோது, அதில் மூன்று இடங்களில் பத்திரிகை ஆசிரியர் கை வைத்திருந்தார். கதையில் மாமியாரின் ஊறுகாய் ஜாடி மருமகள் கையிலிருந்து நழுவி விழுகிறது. "ஜாடி உடைந்துபோயிற்று, அத்தை" என்கிறாள் மருமகள். "ஜாடியை உடைத்துவைத்தாள்" என்று அடுத்த வீட்டுக்காரியிடம் முறையிடுகிறாள் மாமியார். கதை சொல்லும் நானோ "உடைத்துவிட்டாள்" என்று எழுதியிருந்தேன். அச்சில் "உடைந்தது", "உடைத்தாள்", "உடைத்தாள்" என்று நின்றன. துணைவினைகள் வீண் சுமை, அவற்றை எடுத்தாலும் பொருள் மாறவில்லையே என்பது ஆசிரியர் கட்சி.

ஜாடியைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரிதான். ஆனால் அந்த வீட்டில் சண்டை ஜாடியைப் பற்றியதல்ல, குற்றம் யாருடையது என்பதைப் பற்றியது. "உடைந்துபோயிற்று" என்று சொல்லலாம். "உடைத்துப்போயிற்று" என்று யாரும் சொல்வதில்லை. உடைத்த கையை மறைக்க மருமகளுக்கு அகப்பட்ட திரை அந்தப் "போயிற்று". "விட்டாள்" என்பதில் காரியம் முடிந்தது, இனி மீட்க வழியில்லை என்ற அங்கலாய்ப்பு மட்டுமே உண்டு. குழந்தையிடம் "உடைக்காதே" என்றால் வேண்டுமென்று செய்வதைத் தடுக்கிறோம். "உடைத்துவிடாதே" என்றால் கை தவறுமோ என்று பயப்படுகிறோம்.

"வைத்தாள்" என்பதுதான் விஷமமுள்ளது. "தேங்காயை உடைத்துவைத்தாள்" என்றால் மருமகள் கெட்டிக்காரி. சமையலுக்கு முன்னேற்பாடு செய்திருக்கிறாள். அதே சொல் ஜாடியோடு சேர்ந்ததும் வசையாகிறது. வித்தியாசம் வினையில் இல்லை. உடைந்த பொருள் யாருக்காவது உபயோகப்படுமா என்பதில் இருக்கிறது. இங்கே "வை" தன் சொந்த அர்த்தத்தை இழந்துவிட்டதா என்று சந்தேகம் வந்தால், நடுவில் ஓர் இடத்தைச் செருகிப் பாருங்கள். "தேங்காயை உடைத்து மேடைமேல் வைத்தாள்" என்பது இயல்பான வாக்கியம். "ஜாடியை உடைத்து மேடைமேல் வைத்தாள்" என்றாலோ, ஓடுகளைப் பொறுக்கி அடுக்கினாள் என்றாகி, வசை மறைந்து சிரிப்பு வருகிறது. இரண்டு வினைகளும் ஒட்டி ஒன்றானால்தான் வசை நிற்கும்.

இதில் கதாசிரியனுக்கு ஓர் ஆபத்து உண்டு. பாத்திரம் பேசும்போது "உடைத்துவைத்தாள்" என்றால் கோபம் அவளுடையது. அதையே என் வாக்காக எழுதியிருந்தால், நான் மாமியார் பக்கம் சேர்ந்துகொண்டேன் என்று வாசகர் கண்டுகொள்வார். நான் "விட்டாள்" என்று எழுதியது பக்கம் சாராமல் இருக்கத்தான்.

ஆசிரியர் மேல் முழுப் பழியையும் போட மாட்டேன். என் ஆரம்பக் கதைகளை எடுத்துப் பார்த்தேன். வந்துவிட்டான், உட்கார்ந்துவிட்டான், சிரித்துவிட்டான் என்று வரிக்கு வரி "விட்டான்". எல்லாமே மீட்க முடியாத காரியமானால் எதுவுமே அப்படியில்லை என்று ஆகிறது. அந்தக் கதைகளில் அவர் கத்தரியை எடுத்திருந்தால் நான் நன்றி சொல்லியிருப்பேன். ஜாடிக் கதையில் அவர் வெட்டியது மூன்று சொல்தான். ஆனால் அதோடு மூன்று பேரும் ஒரே குரலில் பேசத் தொடங்கினார்கள்.